எட்டே கால் விபத்தும் பத்து மணித் தேர்வும்: தேதி மாற்றக் கோரிக்கையை அலுவலகம் எப்படிப் படிக்கிறது

தேர்வுக்குப் போகும் வழியில் விபத்தில் சிக்கியவர் எழுதும் கடிதம் பெரும்பாலும் வலியைப் பற்றியதாக இருக்கும். அதைப் படிக்கும் தேர்வுப் பிரிவு அலுவலர் தேடுவது நேரத்தை. எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்கு மருத்துவமனையில் பதிவானது, தேர்வு அறைக் கதவு எத்தனை மணிக்கு அடைக்கப்பட்டது என்ற மூன்றையும் அவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வார். மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அமைந்தால் கோப்பு மேலே போகும். இடையில் ஓட்டை இருந்தால், காயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ‘உரிய ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும்.

அலுவலருக்கு மனமில்லை என்று இதற்குப் பொருளல்ல. காயத்தை எடைபோட அவர் மருத்துவர் இல்லை. விபத்தில் யார் பிழை என்று தீர்மானிக்க அவர் நீதிபதியும் இல்லை. அவரால் சரிபார்க்கக் கூடியது, இந்த ஆள் இந்த வேளையில் தேர்வு அறையில் இருந்திருக்க முடியாது என்பதை மட்டுமே. பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிராகரிக்கப்பட்டவற்றில் பொய்க் கோரிக்கைகள் குறைவு. உண்மையான விபத்துகள், ஒன்றோடொன்று ஒட்டாத காகிதங்களாக வந்து சேர்ந்தவைதான் அதிகம்.

அப்படி வந்த ஒரு கோப்பைப் பிரித்துப் பார்க்கலாம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிக்கல் அதேதான்.

செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குத் தேர்வு. 9:45-க்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மாணவி தன் தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறாள். 8:15-க்கு ஒரு கார் குறுக்கே திரும்ப, வண்டி சரிகிறது. விழும்போது வலது கையை ஊன்றியதால் மணிக்கட்டில் எலும்பு முறிவு. 8:50-க்கு அவசர சிகிச்சைப் பிரிவில் பெயர் பதிவாகிறது, 9:20-க்கு எக்ஸ்ரே, பிறகு மாவுக்கட்டு, 12:40-க்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தோழிக்குச் சிராய்ப்பு மட்டும்தான். மாலை 5:30-க்கு அவள் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கி வருகிறாள். வியாழக்கிழமை குடும்ப மருத்துவரிடம் சான்றிதழ். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் தேர்வுப் பிரிவுக்கு வந்தது. இரண்டே நாளில் திரும்பிப் போனது.

ஏன் திரும்பியது? உள்ளே இரண்டு காகிதங்கள் இருந்தன. குடும்ப மருத்துவரின் சான்றிதழ் வியாழக்கிழமைத் தேதியிட்டது. ‘சாலை விபத்தில் காயமடைந்துள்ளார், 5 நாள் ஓய்வு தேவை’ என்றது. வியாழனிலிருந்து ஐந்து நாளை எப்படி எண்ணினாலும் அதில் செவ்வாய்க்கிழமைத் தேர்வு வராது. இரண்டாவது காகிதம் புகார் ரசீது. அதில் விபத்து நடந்த நேரம் ‘காலை சுமார் 9:30’ என்றிருந்தது. தோழி பதற்றத்தில் குத்துமதிப்பாகச் சொன்னதை அங்கிருந்தவர் அப்படியே எழுதிவிட்டார். 9:30-க்கு விபத்து, 9:45-க்குக் கதவடைப்பு என்றால், விபத்துக்கு முன்பே தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தாளோ என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் எழும். எழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோரிக்கையைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய காகிதங்கள் எல்லாம் மாணவியின் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தன. எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் அவள் பெயர், வயது, பதிவு எண், தேதி, 9:20 என்ற நேரம் எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. எலும்பைப் பார்க்கத்தானே எக்ஸ்ரே என்று எண்ணி அதை யாரும் இணைக்கவில்லை. தேர்வுப் பிரிவுக்கு எலும்பு தேவையில்லை. ஓரத்தில் இருக்கும் அந்தப் பொடி எழுத்துதான் தேவை. கருவியே அச்சடித்த நேரம் என்பதால், கையால் எழுதிய எந்தச் சான்றிதழையும்விட அதற்கு நம்பகம் அதிகம். அவசர சிகிச்சைப் பிரிவின் முதல் சீட்டு, மருந்துக் கட்டண ரசீது, ஆம்புலன்ஸ் வந்திருந்தால் அதன் பயணக் குறிப்பு ஆகியவையும் இந்த வகைதான். யாரும் தேர்வை நினைத்துத் தயாரிக்காத காகிதங்கள் அவை. அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு.

மருத்துவமனைக் காகிதத்துக்கும் காவல் நிலையக் காகிதத்துக்கும் உள்ள வேலைப் பிரிவினையையும் புரிந்துகொள்ள வேண்டும். காவல் துறையின் ஆவணம், விபத்து நடந்ததாக ஒருவர் இன்ன நேரத்தில் வந்து சொன்னார் என்பதைத்தான் காட்டும். அடிபட்டவர் தேர்வு எழுதும் நிலையில் இருந்தாரா என்பது அதில் இருக்காது. மருத்துவ ஆவணம் அந்த நிலையைக் காட்டும். ஆனால் காயத்தின் காரணத்தைப் பொறுத்தவரை அது நோயாளி சொன்னதைத்தான் எழுதியிருக்கும். ‘சாலை விபத்தில் காயமடைந்ததாகக் கூறப்படுகிறது’ என்ற வாசகத்தைக் கண்டு சிலர் பதறுவதுண்டு. மருத்துவர் தன்னைச் சந்தேகிக்கிறார் என்று நினைத்துச் சீட்டைத் திருத்தித் தரச் சொல்லிச் சண்டை போட்டவர்களும் உண்டு. அது சந்தேகமே இல்லை. தான் நேரில் பார்க்காத ஒன்றை மருத்துவர் அப்படித்தான் எழுதுவார்; அது அவர்கள் எழுத்து மரபு.

ஆனால் அந்த முதல் வரியில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். வலியில் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் சீட்டில் ‘கீழே விழுந்ததால்’ என்று ஏறும். மூன்று நாள் கழித்து விண்ணப்பத்தில் ‘கார் மோதியது’ என்று எழுதும்போது இரண்டும் வேறு வேறு கதைகளாகத் தெரியும். கூட வந்தவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பதிவு மேசையில் ‘சாலை விபத்து, ஸ்கூட்டரில் போகும்போது, எட்டே காலுக்கு’ என்று தெளிவாகச் சொல்வதுதான்.

காவல் நிலையக் காகிதம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. வேறு வண்டி எதுவும் மோதாமல், மழையில் தானாக வழுக்கி விழுந்தவர் புகார் கொடுக்க யார் மேல் கொடுப்பார்? அங்கே முதல் நாள் மருத்துவச் சீட்டே போதுமானது. காவல் துறை ஆவணம் கட்டாயம் என்று விதி கேட்டால், ‘தானாக நிலைதடுமாறி விழுந்ததால் வழக்கு எதுவும் இல்லை’ என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் மறைக்கிறார் என்றுதான் படிக்கப்படும்.

நேர்மாறாக, காவல் நிலையக் காகிதமே உயிராக இருக்கும் சூழ்நிலையும் உண்டு. தேர்வருக்குக் காயமில்லை, ஆனால் அவரைத் தேர்வுக்குக் கொண்டுபோன அப்பாவுக்குப் பலத்த காயம் என்று வையுங்கள். மருத்துவமனை ஆவணம் முழுக்க அப்பாவின் பெயரில் இருக்கும். தேர்வர் அந்த இடத்தில் இருந்தார் என்பதை அது சொல்லாது. புகார் கொடுத்தவராகவோ சாட்சியாகவோ தேர்வரின் பெயர் இருக்கும் காவல் துறை ஆவணம்தான் அந்த இடைவெளியை அடைக்கும். அது இல்லாவிட்டால், நோயாளியை அழைத்துவந்தவர் என்ற இடத்தில் தேர்வரின் பெயரும் கையெழுத்தும் உள்ள மருத்துவமனைப் படிவத்தின் நகல் உதவும். முன்னால் யாருக்கோ நடந்த விபத்தால் போக்குவரத்து நின்று தாமதமானவருக்கு இந்த வழி பொதுவாகத் திறப்பதில்லை. நெரிசலை எதிர்பார்த்து முன்கூட்டியே கிளம்புவது தேர்வரின் பொறுப்பு என்பதே அலுவலகங்களின் நிலைப்பாடு.

மாணவியின் கோப்புக்குத் திரும்புவோம். முரண்பட்ட நேரத்தை எப்படிச் சரிசெய்வது? வீட்டார் முதலில் நினைத்தது, காவல் நிலையத்துக்குப் போய் ரசீதில் 9:30-ஐ 8:15 ஆக்கித் தரச் சொல்வது. நல்ல வேளையாக அதைச் செய்யவில்லை. அடித்துத் திருத்திய நேரம் இருக்கும் காகிதம், தவறான நேரம் இருக்கும் காகிதத்தைவிட மோசமானது. ரசீதை அப்படியே வைத்துவிட்டு, அது ஏன் தவறு என்பதை வேறொரு ஆவணத்தால் காட்டினால் போதும். 8:50-க்கு மருத்துவமனையில் பதிவான ஒருவருக்கு 9:30-க்கு விபத்து நடந்திருக்க முடியாது; 9:20-க்கு அவள் கை எக்ஸ்ரே மேசையில் இருந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முரண்பாட்டை விண்ணப்பதாரரே முந்திக்கொண்டு சுட்டிக்காட்டினால், அலுவலர் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. அவர் கண்டுபிடித்தால் அது ஐயம். நீங்கள் சொன்னால் அது விளக்கம்.

சான்றிதழ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்று குடும்ப மருத்துவரிடம் கேட்பது பலரும் செய்வது, செய்யக் கூடாதது. அன்று அவர் நோயாளியைப் பார்க்கவே இல்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பொய் ஆவணம் என்று முடிவானால் தேதி மாற்றம் போவதோடு நிற்காது. தேர்வெழுதவே தடை வரலாம். சரியான வழி, முதலில் சிகிச்சை அளித்த மருத்துவமனையிலேயே கேட்பது. அங்கே இன்றைய தேதியிட்டு, பதிவேட்டை ஆதாரமாகக் காட்டி, அன்று நடந்ததை எழுதித் தருவார்கள். மாணவி பெற்று வந்த இரண்டாவது சான்றிதழின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

‘எங்கள் பதிவேட்டின்படி மேற்கண்டவர் செவ்வாய்க்கிழமை காலை 8:50-க்கு அவசர சிகிச்சைப் பிரிவில் பதிவு செய்யப்பட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு கண்டறியப்பட்டு மாவுக்கட்டு போடப்பட்டது. 12:40-க்கு அனுப்பப்பட்டார். வலது கையால் எழுதுபவர் என்பதால் கட்டு பிரிக்கும்வரை இவரால் எழுத இயலாது.’

ஓய்வு என்ற சொல்லே இதில் இல்லை என்பதைப் பாருங்கள். ‘ஓய்வு தேவை’ என்பது வீட்டில் இருக்கச் சொல்லும் அறிவுரை. ‘எழுத இயலாது’ என்பதுதான் தேர்வோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. எந்தக் கையால் எழுதுபவர் என்ற குறிப்பும் சின்ன விஷயம்போல் தோன்றும். இடக்கையில் கட்டோடு வரும் வலக்கைப் பழக்கக்காரரின் விண்ணப்பத்தில் கேட்கப்படும் முதல் கேள்வியே அதுதான்.

மாணவியின் பக்கம் இருந்த இன்னொரு பலம், அன்று காலை 9:05-க்கு அவள் அண்ணன் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சல். ‘என் தங்கை, பதிவு எண் இன்னது, இன்று காலை விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருக்கிறாள். 10 மணித் தேர்வுக்கு வர இயலாது. ஆவணங்களைப் பின்னர் அனுப்புகிறோம்.’ மூன்று வாக்கியங்கள், இணைப்பு எதுவும் இல்லை. முதல் விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடவே மறந்திருந்தார்கள். தேர்வு தொடங்குவதற்கு 55 நிமிடம் முன்பே வந்த அறிவிப்பு, வினாத்தாள் எப்படி இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பின்வாங்கினார் என்ற ஐயத்தை வேரோடு பிடுங்கிவிடும். ஆவணம் கையில் வரட்டும், அதன்பின் எழுதலாம் என்று காத்திருப்பதுதான் இந்த விவகாரத்தில் நடக்கும் பெரிய தவறு. காலக்கெடு பெரும்பாலும் தேர்வு நாளிலிருந்து எண்ணப்படுகிறது, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல. அறிவிப்பை முதலிலும் ஆவணத்தைப் பின்னாலும் அனுப்பினால் கெடு தப்பும்.

இதுவரை சொன்னது வராமல் போனவரின் கதை. அடிபட்டும் போய் எழுதியவரின் நிலை வேறு, இன்னும் சிக்கலானது. தலையில் அடிபட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்து போய்த் தேர்வில் உட்கார்ந்து, பாதியில் எழுத்துகள் மங்கி, வாந்தி வந்து எழுந்தவர்கள் உண்டு. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவது மருத்துவத்தில் தெரிந்த செய்தி. ஆனால் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், தேர்வில் உட்கார்ந்தாலே ‘நான் எழுதும் நிலையில் இருக்கிறேன்’ என்று அறிவித்ததாகக் கொள்ளும் விதி இருக்கிறது. விதி எழுத்தில் இல்லாத இடங்களிலும் மனநிலை அதுதான்: விடைத்தாள் வாங்கிவிட்டால் வாய்ப்பைப் பயன்படுத்தியாகிவிட்டது. ஆகவே அரைகுறை நிலையில் போய்ப் பார்க்கலாம் என்ற துணிச்சல், மறு தேதி கேட்கும் உரிமையை விலையாக வாங்கிக்கொள்ளும். போயே ஆக வேண்டுமென்றால், எழுதத் தொடங்கும் முன் அறைக் கண்காணிப்பாளரிடம் விபத்தைச் சொல்லி, அவருடைய அறிக்கையில் ஏறும்படி செய்ய வேண்டும். பாதியில் எழுந்தால் எழுந்த நேரமும் அதில் வர வேண்டும். அன்றே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் அந்த இரவு ஓட்டையாகிவிடும்.

கேட்பது எதை என்பதிலும் நிதானம் வேண்டும். கணினியில், பல நாள்களில், பல அமர்வுகளாக நடக்கும் தேர்வில் இன்னோர் அமர்வுக்கு மாற்றுவது நிர்வாகத்துக்குப் பெரிய பாரமில்லை. இருக்கை இருந்தால் முடிந்தது. கல்லூரியின் பருவத் தேர்வில் துணைத் தேர்வு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும். அதில் முதல் முயற்சியாகவே கருதும்படி கேட்கலாம். ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் எல்லோரையும் வரிசைப்படுத்தும் போட்டித் தேர்வில் நிலைமை வேறு. ஒருவருக்காக இன்னொரு வினாத்தாள் தயாரித்தால், அது முதல் தாளுக்கு நிகரான கடினமுள்ளதுதானா என்பதை ஒருவரின் மதிப்பெண்ணை வைத்து நிறுவ வழியே இல்லை. எளிதாக இருந்தது என்று மற்றவர்கள் வழக்குப் போடலாம். கடினமாக இருந்தது என்று அவரே வழக்குப் போடலாம். எனவே அங்கே மறு தேதி கேட்டு மட்டும் எழுதினால் மறுப்பு வரவே வாய்ப்பு அதிகம். அதே ஆவணங்களை வைத்துக் கட்டணத்தை அடுத்த தேர்வுக்கு மாற்றும்படியோ, முயற்சிகளின் எண்ணிக்கையில் இதைச் சேர்க்காமல் விடும்படியோ கேட்டால், கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேட்டதாக இருக்கும். விண்ணப்பத்தில் ‘மறு தேதி இயலாவிட்டால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இதற்குப் போதும்.

மாணவியின் இரண்டாவது விண்ணப்பம் ஒரு பக்கத்தில் முடிந்தது. பெயர், பதிவு எண், தேர்வின் பெயர், 8:15, 8:50, 9:05, 9:20, 12:40 என்று ஐந்து நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த இணைப்பில் அது இருக்கிறது என்ற குறிப்பு, புகார் ரசீதின் நேரம் பற்றி இரண்டு வரி, கடைசியாகக் கோரிக்கை. சாலையில் கிடந்த படமோ, கார் ஓட்டியவரின் பெயரோ, குடும்பச் சூழலோ அதில் இல்லை. புகார் நகலில் இருந்த கார்க்காரரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் மறைக்கப்பட்டிருந்தன. தேர்வுப் பிரிவுக்கு அவை எதற்கு? ஆனால் இந்த ஐந்து நேரங்களும், காப்பீட்டுக்காக அந்தக் குடும்பம் வேறிடத்தில் எழுதிக்கொடுத்த நேரங்களும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது.

அதன்பின் ஒரு சறுக்கல், அதில் எங்கள் பக்கத்துக்கும் பங்கு உண்டு. துணைத் தேர்வுக்கு ஒதுக்கிய நாள் விபத்திலிருந்து சரியாக நான்காவது வாரத்தில் விழுந்தது. மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு பொதுவாக ஆறு வாரம் வரை இருக்கும். பிரித்த பிறகும் விரல்கள் விறைத்துப்போய், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத மேலும் சில வாரம் ஆகலாம். சான்றிதழில் ‘கட்டு பிரிக்கும்வரை’ என்றிருந்ததே தவிர, அது எந்த நாள் என்று இல்லை. அவளும் விண்ணப்பத்தில் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் முறை தேதி மாற்றம் கேட்டிருந்தால் கோப்பு மறுபடி குழுவின் முன் போய், முதல் முறை இருந்த இசைவு குறைந்திருக்கும். அவள் அதைக் கேட்கவில்லை. அதே சான்றிதழை இணைத்து, தான் சொல்வதை எழுத ஒரு பதிலி எழுத்தரும் கூடுதல் நேரமும் வேண்டுமென்று விண்ணப்பித்தாள். அது வேறு படிவம், வேறு மேசை. மூன்றாம் நாள் அனுமதி கிடைத்தது. கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, வாயால் சொல்லித் தேர்வை முடித்தாள்.